பிட்டருக்கு அனுபவக் கடிதம் எழுதும்போது சூப்பர்வைசர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் பினாங்கு மாநிலத்துப் பிறையில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒரு கடிதத்தோடு வந்து, "அண்ணே, இது சரியா இருக்கா பாருங்க" என்றார். தமிழ்நாட்டில் ஐ.டி.ஐ. முடித்து, இங்கே நான்கு வருடம் வேலை பார்த்த பிட்டர் ஒருவர் பெர்மிட் முடிந்து கிளம்புகிறார். வளைகுடாவில் பராமரிப்பு வேலைக்கு மனுப் போடுகிறார். அவருக்கான அனுபவக் கடிதம்தான் அது. முதல் பத்தியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடத்துக்கு முன் நான் எழுதியதை யாரோ பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது போல இருந்தது.

எழுத்துப் பிழை, விட்டுப்போன தேதி இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அவை கண்ணில் படும், திருத்திவிடலாம்.

எல்லா வேலையும் தெரியும் என்று எழுதுவது

அன்று என்னிடம் வேலை பார்த்தவர் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. பம்ப் பிரித்து மாட்டுவதில் அவ்வளவு சுத்தம். பேரிங்கைச் சுத்தியலால் தட்டி ஏற்றி நான் பார்த்ததே இல்லை. ஹீட்டரில் 110 டிகிரிக்குச் சூடாக்கி, கையுறையோடு ஒரே தள்ளில் ஷாப்டில் ஏற்றுவார். அதன் பிறகும் கையை எடுக்க மாட்டார். ஆறும்போது பேரிங் சுருங்கி, ஷாப்டின் தோளைவிட்டு மெல்ல விலகும் என்று தெரிந்து, அது இறுகும்வரை அழுத்திப் பிடித்தபடி நிற்பார்.

அவர் ஒரு நீரேற்று நிலைய வேலைக்கு மனுப் போட்டார். விளம்பரத்தில் கேட்டது நான்கு: பம்ப் ஓவர்ஹால், ஷாப்ட் அலைன்மென்ட், ஹைட்ராலிக், வெல்டிங். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, நான் அந்த நான்கையும் அதே வரிசையில் கடிதத்தில் ஏற்றி, "அனைத்திலும் தேர்ந்தவர்" என்று முடித்தேன்.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் தம்பி, பக்கத்து மேசையில் நான். எதிரே இருந்தவர் என் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். "டயல் கேஜை மோட்டார் பக்கம் மாட்டி, பம்ப் கப்ளிங்கின் விளிம்பில் வைக்கிறீர்கள். மேலே பூஜ்யம். இரண்டு ஷாப்டையும் சேர்த்து அரைச் சுற்று திருப்பினால் கீழே 0.40 மில்லிமீட்டர் காட்டுகிறது. ஷாப்டுகளுக்கு நடுவே உயர வித்தியாசம் எவ்வளவு?" என்று கேட்டார். தம்பி 0.40 என்றார். சரியான விடை 0.20. விளிம்பில் வைத்த கேஜ் காட்டுவது எப்போதும் இரட்டிப்பு. அதைப் பாதியாக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, மோட்டாரின் ஒரு கால் போல்ட்டைத் தளர்த்தினால் அந்தக் கால் மட்டும் எழும்புகிறது, முதலில் என்ன செய்வீர்கள் என்பது. அந்த இடைவெளியை பீலர் கேஜால் அளந்து, அதே கனத்துக்கு ஷிம் வைத்து நிரப்பிவிட்டுத்தான் அலைன்மென்டில் கை வைக்க வேண்டும். தம்பி பேசவில்லை. எப்படிப் பேசுவார்? எங்கள் இடத்தில் கடைசி அலைன்மென்டை வெளி கான்ட்ராக்டர் லேசர் வைத்துப் பார்ப்பார். அவர் சொன்ன இடத்தில், சொன்ன கனத்தில் ஷிம் வைப்பதுதான் தம்பியின் வேலை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் எழுதினேன்.

ஏழு நிமிடத்தில் அழைப்பு முடிந்தது. பேரிங்கைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. ஆற்றாமையில் நானே கேட்டேன், "6312-க்கு உள் விட்டம் என்னடா?" தலை நிமிராமல், "பன்னெண்டு அஞ்சு அறுபது, அண்ணே" என்றார். பேரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் என்றால், அதை ஐந்தால் பெருக்கினால் மில்லிமீட்டரில் உள் விட்டம். அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் கடிதத்தில் பேரிங் என்ற சொல்லே இல்லை. கடிதத்தில் எழுதியதில் எது கனமானதோ அதைத்தான் கேள்வி கேட்கிறவர் முதலில் உரசிப் பார்ப்பார். அது பொய் என்றால் மிச்சத்தைக் கேட்க அவருக்கு என்ன அவசியம்?

இன்றைக்கு எழுதினால் இப்படி எழுதுவேன். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும், சாரத்தைத் தமிழில் சொல்கிறேன்: "மையவிலக்குப் பம்புகளில் பேரிங், மெக்கானிக்கல் சீல், கப்ளிங் ரப்பர் ஆகியவற்றைத் தனியாக மாற்றினார். ரூலரும் பீலர் கேஜும் வைத்து முதல்கட்ட அலைன்மென்ட் செய்தார். இறுதி லேசர் அலைன்மென்டை வெளி நிறுவனம் செய்தது. அதில் ஷிம் வைக்க உதவினார். வெல்டிங் அவருடைய பொறுப்பில் இல்லை." தனியாகச் செய்தார், மேற்பார்வையில் செய்தார், உதவினார் என்ற மூன்றையும் கலக்காமல் எழுதினாலே பாதிக் கடிதம் முடிந்துவிடும். எத்தனை பம்ப் என்று மனதுக்குத் தோன்றியதை எழுத வேண்டாம். ஒர்க் ஆர்டர் கோப்பை எடுத்து எண்ணுங்கள், ஒரு மணி நேர வேலை.

போன வாரக் கடிதத்திலும் "ஹைட்ராலிக் நிபுணர்" என்று இருந்தது. அந்தப் பிட்டரையே கூப்பிட்டுக் கேட்டேன். "ஹோஸ் மாத்துவேன், சிலிண்டர் சீல் மாத்துவேன் அண்ணே. பிரஷரை இறக்கி, லாக் போட்டுட்டுத்தான் கழட்டுவேன். வால்வு பக்கம் போனதில்ல" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னேன். புதியவருக்கு முகம் சுருங்கியது, "ரொம்பக் கம்மியா தெரியுதே அண்ணே" என்றார். லாக் போடுகிற பிட்டர் என்பது எனக்குக் கம்மியாகத் தெரியவில்லை.

ஐ.டி.ஐ.யை ஐ.எல்.பி. ஆக்குவது

இது மலேசியாவில் இருக்கிற நமக்கே உரிய குழப்பம். இங்கேயுள்ள ஐ.எல்.பி.யை ஆங்கிலத்தில் சொன்னாலும் இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் இன்ஸ்டிடியூட்தான். பிட்டர் படித்தது இந்தியாவில் என்று எழுதாவிட்டால், படிக்கிறவர் பினாங்கில் படித்ததாக நினைத்துக்கொண்டு மலேசியச் சான்றிதழைக் கேட்பார். "எஸ்.கே.எம். இரண்டாம் நிலைக்குச் சமம்" என்று நீங்களாக எழுதுவது அதைவிட மோசம். சமம் என்று சொல்ல ஒர்க்‌ஷாப் சூப்பர்வைசருக்கு அதிகாரம் இல்லை. சான்றிதழில் உள்ள பெயரும் வருடமும் போதும்.

அவர் ஐ.டி.ஐ.யில் பிட்டர் படித்த இரண்டு வருடத்தையும் அதன் பிறகு செய்த அப்ரண்டிஸ் காலத்தையும் அனுபவத்தில் சேர்க்காதீர்கள். உங்களிடம் வேலை பார்த்த காலத்துக்கு மட்டும்தான் நீங்கள் சாட்சி.

பெயருக்கு நடுவில் ஏ/எல்

நம் பழக்கத்தில் கை தானாகவே போட்டுவிடும். இந்தியப் பாஸ்போர்ட்டில் அது இருக்காது. பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

கையெழுத்தின் மேலேயே முத்திரை

பக்கத்தில் அடியுங்கள். இரண்டையும் வாசிக்க முடிய வேண்டும்.

ஆபீஸ் எண்ணை மட்டும் கொடுப்பது

ஒரு முறை வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டபோது போனை எடுத்தவர் எங்கள் கிராணி. பெயரைக் கேட்டதும், அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பிட்டரை அவருக்குத் தொழிலாளர் எண்ணாகத்தான் தெரியும். இப்போது அந்த எண்ணையும் கடிதத்தில் போட்டு, நகல் ஒன்றைக் கிராணியிடம் கொடுத்து வைக்கிறேன். அப்புறம் என் கைப்பேசி எண்ணையும் சேர்த்து எழுதுகிறேன். துபாய் நமக்கு நான்கு மணி நேரம் பின்னால். அங்கே மத்தியானம் 2 மணிக்குக் கூப்பிட்டால் இங்கே மாலை 6, ஆபீஸ் பூட்டியிருக்கும்.