முகூர்த்த நாளும் முன்பணமும்

புதுச்சேரியில் தனியாக பிரைடல் மேக்கப் செய்கிறேன். விடியற்காலை முகூர்த்தம் என்றால் இரண்டு மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும், அன்றைக்கு இன்னொரு மணப்பெண்ணை எடுக்கவே முடியாது, அதனால் கடைசி வாரத்தில் யாராவது "வேண்டாம்க்கா" என்றால் அந்த நாள் வருமானம் அப்படியே போச்சு.

இப்போது 12,000 ரூபாய் வேலைக்கு 4,000 முன்பணம் வந்தால்தான் தேதியை எழுதுவேன். பணம் வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் தமிழில் அனுப்பிவிடுவேன்: ரத்து செய்தால் முன்பணம் திரும்ப வராது, ஆனால் அதே தேதிக்கு வேறு ஆள் கிடைத்தால் முழுசாகத் தந்துவிடுவேன். இந்த இரண்டாவது வரிதான் கோபத்தைக் குறைக்கிறது. பதினைந்து நாள் முன்னால் சொன்னால், நான் அன்று காலியாக இருந்தால், ஒருமுறை தேதி மாற்றலாம்.

முத்தியால்பேட்டைப் பெண் ஒருத்தி, தாத்தா இறந்து கல்யாணம் தள்ளிப்போனதாகச் சொன்னாள். நான்கே நாள்தான் இருந்தது. துக்க வீட்டில் விதி பேச முடியுமா? 4,000-ஐ புதுத் தேதிக்கு மாற்றி, "மீதி 8,000 அன்றைக்கு" என்று எழுதி அனுப்பினேன். பார்ட்டி மேக்கப்புக்கு 500 ரூபாய் முன்பணம், வராவிட்டால் அது எனக்கு, அவ்வளவுதான்.