மலை மைதானத்திலிருந்து கடற்கரை வாலிபாலுக்கு: விரல் தட்டை மாற்றப் பழகும் முறை

கோத்தகிரிப் பக்கம் வாலிபால் ஆடி வளர்ந்த எங்கள் பையன்கள் இரண்டு பேரைக் கடற்கரைப் போட்டி ஒன்றுக்கு முதல்முறையாக அழைத்துப் போனேன். முதல் செட்டிலேயே மூன்று பாயிண்ட் ஒரே காரணத்தால் போனது. பிளாக்கருக்குப் பின்னால் விரல் நுனியால் பந்தைத் தட்டிப் போட்டார்கள், மூன்று முறையும் நடுவர் விசில் அடித்தார். எங்கள் மண் மைதானத்தில் கைதட்டல் வாங்கும் ஆட்டம் அங்கே ஃபவுல். அதை எப்படி மாற்றிக்கொள்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கோர்ட்டைச் சுருக்குங்கள்

வழக்கமான கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். கடற்கரைக் கோர்ட் 16க்கு 8. அதனால் இருக்கிற கோர்ட்டிலேயே இரண்டு முனைக் கோடுகளையும் ஒரு மீட்டர் உள்ளே, பக்கக் கோடுகளை அரை மீட்டர் உள்ளே கயிறு கட்டிவிட்டால் போதும். நெட் உயரம் மாறாது: ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24.

இப்போது ஒரு பக்கம் இரண்டு பேர் மட்டும் நில்லுங்கள். மாற்று ஆட்டக்காரர் கிடையாது. ஆறு பேர் ஆடும்போது ஒருவருக்கு ஏறக்குறைய 13 சதுர மீட்டர் வரும், இங்கே 32. நின்று பார்த்தாலே காலியிடம் எவ்வளவு என்று தெரியும். விரல் தட்டை ஏன் தடுத்திருக்கிறார்கள் என்பதும் எனக்கு அப்படி நின்றபோதுதான் புரிந்தது. அதை அனுமதித்தால் இரண்டு பேரால் எதையும் காக்க முடியாது.

அப்புறம் கால்

கடற்கரைக் கோர்ட்டில் மணல் 40 சென்டிமீட்டர் ஆழமாவது இருக்க வேண்டும். நம் இறுகிய செம்மண்ணில் ஓடிவந்து பின்னால் உதைத்து எழும்புகிற பழக்கம் அங்கே உதவாது, கால் சறுக்கிவிடும். மலையில் மணலுக்கு எங்கே போவது? கிழங்கு தோண்டி முடித்த பாத்தி ஒன்றைக் கேட்டு வாங்கி, கல் பொறுக்கிவிட்டு, அதில் எழும்பிப் பழகினோம். எழும்பிய பின் உங்கள் கால்குழியைப் பாருங்கள். குழி பின்பக்கம் இழுபட்டு நீளமாக இருந்தால் பின்னால் உதைத்திருக்கிறீர்கள். நேராகக் கீழே அழுத்தியிருந்தால் குழி உருண்டையாக இருக்கும், உயரமும் கிடைக்கும்.

இனி கை

விதியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். விரித்த உள்ளங்கையால் ஓங்கி ஸ்மாஷ் அடிப்பதில் தவறே இல்லை. வேகத்தைக் குறைத்து, முழுக் கையால் சுழற்றி அடிப்பதும் சரி. தளர்ந்த விரல்களால் பந்தைத் தாங்கி, திசை காட்டி எதிர்ப்பக்கம் போடுவதுதான் ஃபவுல். ஆறு பேர் ஆடும் இண்டோர் ஆட்டத்தில் பந்தைப் பிடிக்காமலும் எறியாமலும் இருந்தால் அதே தட்டு செல்லும்.

அதற்குப் பதிலாக இரண்டு வழி. ஒன்று, விரல்களை மடக்கி, கணுக்களால் குத்துவது. பிளாக்கர் கைக்கு மேலே சற்றே தூக்கி, அவர் முதுகுக்குப் பின்னால் விழவைக்க இது நல்லது. இன்னொன்று, நான்கு விரல்களையும் ஒட்டி, மரக்கட்டை மாதிரி விறைப்பாக நீட்டி நுனியால் குத்துவது. இதைக் கோப்ரா என்பார்கள். எட்டாத உயரத்தில் இருக்கும் பந்தைப் பின்மூலைக்கு அனுப்ப இதுதான் கைகொடுக்கும்.

முதல் வாரம் எழும்பாதீர்கள். கூட்டாளி பந்தைத் தூக்கிப்போட, நின்றபடியே 20 முறை கணுவால் குத்துங்கள். பந்து எங்கெங்கோ தெறிக்கும். பெரும்பாலும் மணிக்கட்டு ஆடுவதுதான் காரணம். மணிக்கட்டைப் பூட்டி, முழங்கையிலிருந்து சிறிதாகத் தள்ளுங்கள். கோப்ராவில் விரல்கள் பிரிந்தால் ஃபவுலும் ஆகும், விரலும் பிசகும். பக்கவாட்டிலிருந்து ஃபோனில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பார்த்தால் கடைசி நொடியில் விரல் விரிவது நன்றாகத் தெரியும்.

சரி, ஒரு ராலியைப் பார்ப்போம். கூட்டாளி சர்வீஸை எடுக்கிறார், நீங்கள் தூக்கிக் கொடுக்கிறீர்கள், அவர் எழும்புகிறார். எதிரே பிளாக்கர் நேர்க்கோட்டை மூடுகிறார், அவருடைய ஜோடி குறுக்குப் பக்கம் ஆழத்தில் நிற்கிறார். பிளாக்கருக்குப் பின்னால் இரண்டு மீட்டர் காலி. பந்து நெட்டை ஒட்டி இருந்தால் கணுக்குத்து அங்கே விழும். பிளாக்கர் விரல் பட்டுப் பந்து அவர்கள் பக்கமே போனால், அந்தத் தொடுதல் அவர்களுக்கு ஒன்றாகக் கணக்காகும், மீதி இரண்டுதான். இண்டோரில் பிளாக் கணக்கில் வராது, மூன்றும் மிச்சம் இருக்கும். அதனால் பிளாக்கர் கையை உரசும்படி குத்தினாலும் இங்கே உங்களுக்கு லாபம்.

எங்கள் பையன்களுக்குப் பழைய தட்டு மறக்க ஒன்றரை மாதம் ஆனது. மாலையில் மூடுபனி இறங்கி நெட் கண்ணுக்கு மறையும்வரை கணுவால் குத்திக்கொண்டே இருந்தார்கள்.