16 பின் கிராபிக்ஸ் கார்டு கேபிளை முழுதாகச் செருகுவதும் வளைவுக்கு இடம் விடுவதும்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கம்ப்யூட்டர் வாங்குவோர் பலர், பாகங்களை அந்தக் கடையிலேயே பொருத்தச் சொல்லி, முடிந்த கேபினெட்டை ஆட்டோவில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். இரண்டு கிலோவுக்கும் மேல் எடையுள்ள கிராபிக்ஸ் கார்டு வழி முழுவதும் குலுங்கி வருகிறது. அதன் மின் கேபிள் கேபினெட்டின் பக்கவாட்டுக் கண்ணாடிப் பலகைக்கும் கார்டுக்கும் நடுவே அழுந்தியபடி வருகிறது. வீட்டுக்கு வந்ததும் சுவிட்சைப் போடுவதற்கு முன் அந்தப் பலகையைக் கழற்றி, அந்த ஒரு கேபிளை மட்டுமாவது சரிபார்க்க வேண்டும். ஆர்.டி.எக்ஸ். 4090, 5090 போன்ற, 16 பின் கேபிள் ஒன்றிலேயே மின்சாரம் பெறும் கார்டுகளுக்கு உரிய முறையை இங்கே விளக்குகிறேன்.

ஒரு பின் எவ்வளவு சுமக்கிறது

பழைய 8 பின் கேபிள் ஒன்றுக்கு வகுக்கப்பட்ட அளவு 150 வாட். அதில் மின்சாரம் கொண்டு வரும் பின்கள் மூன்று. ஒவ்வொன்றும் சுமப்பது ஏறக்குறைய 4 ஆம்பியர்தான். 12வி ஹைபவர் என்று கடைகளில் சொல்லப்படும் 16 பின் கேபிள், அதைவிடச் சிறிய பின்களைக் கொண்டு 600 வாட் வரை தர வடிவமைக்கப்பட்டது. 16 பின்களில் நான்கு, கேபிளின் திறனைக் கார்டுக்குத் தெரிவிக்கும் சிறு சமிக்ஞைப் பின்கள்; மற்ற 12 பின்களில் ஆறு 12 வோல்ட்டைக் கொண்டு வர, ஆறு அதைத் திருப்பி எடுத்துச் செல்கின்றன.

450 வாட் இழுக்கும் 4090 கார்டை எடுத்துக்கொள்வோம். அதன் மின்சாரம் முழுவதும் கேபிள் வழியே வருவதாகக் கொண்டால் 37.5 ஆம்பியர் ஆகும். ஆறு பின்களுக்கும் சமமாகப் பிரிந்தால் ஒன்றுக்கு 6.25 ஆம்பியர். ஒரு பின்னின் வரம்பு 9 ஆம்பியரைச் சற்றே தாண்டிய அளவு என்பதால் இதுவரை கவலையில்லை. ஆனால் செருகு அரைகுறையாக இருந்து இரண்டு பின்கள் சரியாகத் தொடவில்லை என்றால், அதே 37.5 ஆம்பியர் நான்கு பின்களில் பாய்ந்து, ஒன்றுக்கு 9.4 ஆகிவிடுகிறது. கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும்; விளையாட்டோ ரெண்டரிங்கோ நிற்காது. 4090 கார்டில் ஆறு 12 வோல்ட் பின்களும் உள்ளே ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதால், எந்தப் பின் அதிகம் சுமக்கிறது என்று கார்டு அறிய வழியில்லை. சூடாகும் இடத்தில் பிளாஸ்டிக் உருகத் தொடங்கிய பிறகே பெரும்பாலும் நமக்குத் தெரியவருகிறது.

2022 அக்டோபரில் 4090 வெளியான சில வாரங்களிலேயே இத்தகைய உருகல்கள் செய்தியாயின. உலகளவில் ஏறத்தாழ 50 நிகழ்வுகள் தெரியவந்திருப்பதாகவும், பிளக் முழுதாகச் செருகப்படாததே அவற்றில் பொதுவாகக் காணப்பட்ட குறை என்றும் அந்த ஆண்டு நவம்பரில் என்விடியா கூறியது. பின்னர் வந்த 12வி-2×6 என்னும் திருத்திய சாக்கெட்டில் சமிக்ஞைப் பின்களைக் குட்டையாக்கி, மின் பின்களைச் சற்று நீளமாக்கினார்கள். பிளக் போதிய ஆழம் போகாவிட்டால் சமிக்ஞைப் பின்கள் தொடாது, கார்டும் முழு மின்சாரம் இழுக்காது. இது நல்ல மாற்றம். எனினும் வளைவால் வரும் கேட்டை இது தடுக்காது என்பதால், புதிய கார்டு வைத்திருப்பவரும் கீழே உள்ளதைச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் இடத்தை அளக்கவும்

எஸ்.எம்.பி.எஸ். பின்புறச் சுவிட்சை அணைத்து, சுவர் பிளக்கையும் எடுத்துவிட்டு, கேபினெட்டின் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு கேபினெட்டைப் படுக்க வைத்து, கண்ணாடிப் பலகையைக் கழற்றுங்கள்.

கேபிள் தயாரிப்பாளர்கள் பரவலாகச் சொல்லும் விதி, ஒயர்கள் பிளக்கிலிருந்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 35 மி.மீ. தூரம் நேராகச் சென்ற பிறகே வளைய வேண்டும் என்பது. இதன் காரணத்தை அறிந்தால் விதி மறக்காது. பிளக்குக்குள் ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் ஒரு சிறு உலோகக் குழல் இருக்கிறது. அது வில்போல அழுத்தி, கார்டின் பின்னைப் பற்றிக்கொள்கிறது. அந்தக் குழல் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இறுகப் பதிக்கப்பட்டதன்று, சற்றே அசையக்கூடியது. ஒயரை வாயிலேயே மடக்கினால் குழல் சாய்ந்து, பின்னின் ஒரு பக்கத்தை மட்டும் தொடுகிறது. தொடும் பரப்பு குறைந்தால் தடை கூடுகிறது, தடை கூடிய இடத்தில் வெப்பம் கூடுகிறது.

வளைக்கும் திசையும் முக்கியம். பிளக்கின் அகலவாட்டில், அதாவது ஆறு ஒயர் வரிசை நீளும் திசையில் பக்கவாட்டாக மடக்கினால், வெளிக்கோடியில் உள்ள ஒயர் இழுபடுகிறது, உட்கோடியில் உள்ளது பின்தள்ளப்படுகிறது; கோடியில் உள்ள குழல்கள்தான் அதிகம் சாய்கின்றன. குறுகிய வாட்டில், மேலாகவோ கீழாகவோ மடக்கினால் வரிசையில் உள்ள ஆறு ஒயர்களும் ஏறக்குறைய ஒரே அளவு வளைகின்றன. ஆகவே பக்கவாட்டு மடிப்பைத் தவிருங்கள்; அதற்கு வழியே இல்லையென்றால் 35 மி.மீ. போதாது, இன்னும் தள்ளி வளையுங்கள்.

அல்சூரில் வசிக்கும் நண்பர் ஒருவரின் 4090 கேபினெட்டை அளந்த கணக்கைச் சொல்கிறேன். கார்டின் சாக்கெட் விளிம்பிலிருந்து கண்ணாடி இருக்கும் இடம் வரை ஸ்கேலில் 48 மி.மீ. இருந்தது. பிளக்கின் உடல் சாக்கெட்டுக்கு வெளியே நீண்டிருந்தது 12 மி.மீ.; எஞ்சியது 36. நேராகச் செல்ல 35 மி.மீ. ஒதுக்கினால் வளைவுக்கும் ஒயர்க் கட்டின் தடிமனுக்கும் சேர்த்து மிஞ்சியது ஒரே மி.மீ. அந்தக் கட்டு மடங்கித் திரும்பவே 20 மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும் என்பதால், பலகையை மூடும்போதெல்லாம் கண்ணாடி அந்தக் கேபிளைக் கார்டை நோக்கி அழுத்தியது. “அண்ணா, கண்ணாடி மூடுகிறதே, அது போதாதா?” என்று கேட்டார். மூடுவது கண்ணாடியின் வலிமையால். பிளக்கின் வாய் அந்த விசையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அவருக்கு இருந்த வழிகள் மூன்று. பலகையைக் கழற்றியே வைக்கலாம்; தூசி ஏறும் என்றாலும் ஒரு வாரத்துக்கு அது போதும். கார்டை மதர்போர்டுடன் இணைக்கும் நீட்டிப்புக் கேபிளான ரைசர் கேபிளும் தாங்கியும் வாங்கிக் கார்டைச் செங்குத்தாக நிறுத்தினால் சாக்கெட் மேல்நோக்கித் திரும்பிவிடும். ஆனால் விசிறிகள் கண்ணாடிக்கு நெருக்கமாகி, கார்டு கூடுதலாகச் சூடாகலாம். அகலமான கேபினெட்டுக்கு மாறுவது மூன்றாவது, அவர் தேர்ந்ததும் அதுவே. செங்கோணமாகத் திருப்பிவிடும் சிறு அடாப்டரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன்: ஒரு செருகு இருந்த இடத்தில் அது இரண்டு செருகுகளை உண்டாக்குகிறது. கேபிள்மாட் நிறுவனத்தின் அத்தகைய அடாப்டர்கள், தளர்ந்து சூடாகி உருகக்கூடும் என்ற காரணத்தால் திரும்பப் பெறப்பட்டதும் நடந்திருக்கிறது.

செருகும் முறை

முடிந்தால் கார்டைக் கேபினெட்டில் பொருத்துவதற்கு முன்பே, மேசையில் வைத்து ஒருமுறை கேபிளைச் செருகிப் பாருங்கள். முழுதாகப் போனால் கைக்கு எப்படித் தெரிகிறது, கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை அங்கேதான் நன்றாக அறிய முடியும். அதற்காகப் பலமுறை கழற்றி மாட்ட வேண்டாம். இந்தப் பிளக் ஏறத்தாழ 30 முறை செருகி எடுப்பதற்கே வகுக்கப்பட்டது.

செருகும் முன் செல்போன் டார்ச்சைப் பிளக்கின் வாய்க்குள் காட்டுங்கள். குழல்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் உள்வாங்கியிருந்தாலோ, உள்ளே பிளாஸ்டிக் துணுக்கு தெரிந்தாலோ அந்தக் கேபிளைப் பயன்படுத்தாதீர்கள். பிறகு ஒரு கையால் கார்டின் அடிப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் பிளக்கின் உடலை நேராக அழுத்துங்கள். ஒயரைப் பிடித்துத் தள்ளக் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் ஆட்டி ஆட்டி ஏற்றுவதும் கூடாது. எதிர்பார்ப்பதைவிடச் சற்று அதிக விசை தேவைப்படும். அரைகுறையாக நின்றுபோவதற்கு முதல் காரணம், கார்டு உடைந்துவிடுமோ என்று அஞ்சி முன்பே கையை எடுத்துவிடுவதுதான்.

‘கிளிக்’ ஓசையை மட்டும் நம்பாதீர்கள். சில கேபிள்களில் அது கேட்பதே இல்லை. சிலவற்றில் ஒரு பக்கம் மேலெழுந்திருக்கும்போதே கேட்டுவிடுகிறது. கண்ணால் பார்க்க வேண்டியவை இரண்டு. மேலுள்ள கொக்கி சாக்கெட்டின் முளையைத் தாண்டி விழுந்திருக்க வேண்டும். பிளக்கின் தோளுக்கும் சாக்கெட் விளிம்புக்கும் நடுவே இரு கோடிகளிலும் இடைவெளி தெரியக் கூடாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒரு கோடி மட்டும் தூக்கியிருப்பதும் தெரிந்துவிடும். எம்.எஸ்.ஐ. தரும் சில கேபிள்களில் பிளக்கின் நுனி மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. மஞ்சள் வெளியே தெரிந்தால் இன்னும் அழுத்த வேண்டும் என்று பொருள். கடைசியாக, பிளக்கின் உடலைப் பிடித்து மெதுவாக வெளிநோக்கி இழுத்துப் பாருங்கள். அது அசையக் கூடாது.

எஸ்.எம்.பி.எஸ். பக்க முனையையும் இதே கவனத்துடன் செருகுங்கள். அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸுடன் வந்த கேபிளே வேண்டும். வேறு மாடலின் கேபிள் அதே துளையில் பொருந்தினாலும் உள்ளே ஒயர் வரிசை மாறியிருக்கலாம். கார்டுடன் வந்த அடாப்டரைப் பயன்படுத்தினால், அதன் ஒவ்வொரு 8 பின் முனைக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனித்தனிக் கேபிள் கொடுங்கள்.

இப்போது ஒயர்களை வளைத்து, வழியமைத்து, கட்டுங்கள். முதல் கட்டு 35 மி.மீ.க்கு அப்பால் இருக்கட்டும்; பிளக்கின் வாயருகே இறுகக் கட்டினால் அதுவும் ஒரு மடிப்பே. கட்டி முடித்ததும் பிளக்கை மீண்டும் ஒருமுறை நேராக அழுத்தி, இடைவெளியை மறுபடி பாருங்கள். வளைக்கும்போது ஒயர்களின் விறைப்பு பிளக்கைச் சற்றே வெளியே இழுத்துவிடுவது உண்டு, பலரும் தவறவிடுவது இந்தக் கடைசிப் பார்வையைத்தான்.

ஓடவிட்டுப் பார்த்தல்

கார்டுக்கு வேலை கொடுத்து, எவ்வளவு வாட் இழுக்கிறது என்பதைக் கமாண்ட் பிராம்ப்ட்டில் இந்தக் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்:

```
nvidia-smi --query-gpu=power.draw --format=csv -l 1
```

450 வாட்டை ஒட்டிய சுமையில் அரை மணி நேரம் ஓடிய பிறகு, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றாமலே அதன் உடலையும் ஒயர்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. விரல் வைக்க முடியாத சூடோ, ஒரு கோடி மட்டும் மற்றதைவிடத் தெளிவாகச் சூடாக இருப்பதோ இயல்பன்று. அந்நிலையில் பிளக்கை எடுத்து, குழல் வாய்களைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளில் தெரியும் வோல்ட் அளவு ஆறு பின்களுக்கும் பொதுவானது என்பதால், ஒரு பின்னின் கோளாறு அதில் தெரியாமலே போகலாம்.

அகலமான கேபினெட் கிடைக்கும் வரை சுமையைக் குறைத்து ஓட்டுவது நல்லது. நிர்வாகி உரிமையுடன் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் 4090 கார்டு 360 வாட்டைத் தாண்டாது. ஒரு பின்னின் பங்கு 5 ஆம்பியராகக் குறைகிறது:

```
nvidia-smi -pl 360
```

கம்ப்யூட்டரை மீண்டும் தொடங்கினால் இந்த வரம்பு நீங்கிவிடும். மறுபடி கொடுக்க வேண்டும். வளைவால் வரும் கேட்டை இது நீக்குவதில்லை, வெப்பத்தை மட்டுமே தணிக்கிறது.

பிளாஸ்டிக் கருகிய வாசனை வந்தாலோ, சுமையின்போது திரை கறுத்துப்போய் விசிறிகள் முழு வேகத்தில் சுழன்றாலோ உடனே அணைத்துவிட்டுப் பிளக்கைப் பாருங்கள். பழுப்பேறிய கேபிளை இனிப் பயன்படுத்தக் கூடாது. கார்டின் சாக்கெட்டும் நிறம் மாறியிருந்தால் புதிய கேபிளை அதில் செருக வேண்டாம், கெட்ட பின் புதிய குழலையும் கெடுக்கும். இரண்டு முனைகளையும் தெளிவாகப் படமெடுத்து, கார்டை வாரண்டி சேவைக்குக் கொடுங்கள்.