பட்டாளத்திலிருந்து வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் கிடங்கில் ஷிப்ட் மேலாளர் பணிக்கு விண்ணப்பங்கள் வந்தால், முன்னாள் ராணுவத்தினர் எழுதியவற்றை முதலில் எனக்குத்தான் அனுப்புகிறார்கள். நானும் பட்டாளத்தில் இருந்தவன். எழுத்துப்பிழையை மன்னித்துவிடுவேன். நான் செய்த அதே தவற்றை இன்னொருவர் செய்திருப்பதைப் பார்த்தால்தான் எரிச்சல் வருகிறது.

பதவிப் பெயரையே வேலை விவரமாக எழுதுவது

ஓய்வு பெற்றதும் நான் அனுப்பிய முதல் மின்னஞ்சலில், ‘கம்பெனி ஹவில்தார் மேஜராகப் பணியாற்றினேன்’ என்று பெருமையாக எழுதினேன். நேர்காணலில் இருந்தவர், “மேஜரா? அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது?” என்று கேட்டார். கம்பெனி என்பது சுமார் 120 வீரர்கள் கொண்ட பிரிவு, நான் ஹவில்தார்தான், மேஜர் என்பது பொறுப்பின் பெயரில் வரும் சொல் என்று விளக்கினேன். பதவியைக் கூட்டிச் சொல்லிவிட்டேன் என்று நினைத்திருப்பார் போல, அவர் முகம் மாறிவிட்டது. அந்த வேலை கிடைக்கவில்லை.

புரியாத சொல்லென்றால் படிப்பவர் கேட்டாவது தெரிந்துகொள்வார். வேறு பொருளில் புரிந்துவிடும் சொல்தான் கெடுக்கும். ‘ஜெனரல் டியூட்டி’ என்றால் களத்தில் நிற்கும் படைவீரர் என்று நமக்குத் தெரியும். அலுவலகத்தில் எடுபிடி வேலை என்று நினைப்பார்கள்.

அப்படியானால் என்ன எழுதுவது? அந்தப் பொறுப்பில் தினமும் என்ன செய்தோமோ அதை. எங்கள் வீரர்களுக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். 120 பேருக்குக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 10,800 நாள். அதாவது, எந்த நாளை எடுத்தாலும் சராசரியாக 30 பேர் ஊரில் இருப்பார்கள். மீதி 90 பேரை வைத்து இரவும் பகலும் காவல், சமையல், வண்டி எல்லாவற்றுக்கும் ஆள் போட வேண்டும். இதை இப்படி எழுதலாம்:

‘120 பேர் கொண்ட பிரிவில் தினசரிப் பணிப்பட்டியலும் விடுப்புத் திட்டமும் தயாரித்தேன். எந்நாளும் கால்பங்கு ஆட்கள் விடுப்பில் இருந்த நிலையில், 24 மணி நேரப் பணிகளுக்கு ஆள் ஒதுக்கினேன்.’

மூன்று ஷிப்டுக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடும் மேலாளருக்கு இது உடனே புரியும். ஆனால், ‘விடுப்பு வழங்கினேன்’ என்று எழுதிவிடாதீர்கள். வழங்கியவர் அதிகாரி. பட்டியல்தான் நம்முடையது. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்.

பதவியை மறைக்கச் சொல்லவில்லை. ‘ஹவில்தார், இந்திய ராணுவம்’ என்று ஒரு வரி போதும். அதற்குக் கீழே செய்த வேலை.

மின்னஞ்சலின் தலைப்பு

‘வேலை வேண்டி’ அல்ல. விளம்பரத்தில் உள்ள பணியின் பெயர்.

எல்லைக் கதைகள்

எந்த முகாம், எத்தனை ஆயுதம் என்பதெல்லாம் வேண்டாம். கேட்டாலும் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் புத்தகம்

முழுவதையும் ஸ்கேன் செய்து முதல் மின்னஞ்சலிலேயே இணைத்துவிடுகிறார்கள். மனைவி, பிள்ளைகளின் விவரம்கூட அதில் இருக்கிறது. வேலை உறுதியான பிறகு கேட்பார்கள், அப்போது கொடுங்கள்.