வகுப்பறைப் பார்வை அறிக்கையைத் திருத்தி எழுத

"கற்பித்தல் நன்று. மாணவர் பங்கேற்பு குறைவு. மேம்படுத்திக்கொள்ளவும்." வகுப்பைப் பார்வையிட்டவரிடமிருந்து இப்படி ஓர் அறிக்கை வந்தால் ஆசிரியருக்கு மனம்தான் வாடும், நாளை எதை மாற்றுவது என்று தெரியாது. "நன்று", "குறைவு" இரண்டும் தீர்ப்புகள். அவற்றை அடித்துவிட்டு, அந்தத் தீர்ப்புக்கு வரவைத்த காட்சியைப் பார்வைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து எழுதுங்கள்.

ஏழாம் வகுப்பு, பின்னங்களின் கூட்டல் என்று வைத்துக்கொள்வோம். "நன்று" என்பது இப்படி மாறும்: "1/2 + 1/3 = 2/5 என்று ஒரு மாணவி சொன்னதும் தவறு என்று ஒதுக்காமல், காகிதப் பட்டையை மடித்து 2/5 அரையைவிடச் சிறியது என்று காட்டினீர்கள். அடுத்த கணக்கான 1/4 + 1/3-க்குப் பொதுப் பகுதி 12 என அவரே சொன்னார்." செயலும் விளைவும் சேர்ந்திருப்பதால், இது வெறும் புகழ்ச்சி ஆகாது.

"பங்கேற்பு குறைவு" என்பதற்கு: "கேட்ட 14 கேள்விகளில் 11-க்கு முன் இரண்டு வரிசை மாணவர்களே பதில் சொன்னார்கள். கேள்விக்குப் பின் ஒரு விநாடிக்குள் பதில் ஏற்கப்பட்டது. அடுத்த வாரம் மூன்று கேள்விகளுக்கு மட்டும், 3 முதல் 5 விநாடி காத்திருந்து, பின்வரிசையில் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பாருங்கள்."

எண்ணிக்கை குறிப்பேட்டில் இல்லையென்றால் ஊகித்து எழுத வேண்டாம்; ஒரு தப்புக் கணக்கு போதும், முழு அறிக்கையும் நம்பிக்கை இழக்கும். மேம்பாட்டுக்கு ஒரு யோசனை, மிஞ்சினால் இரண்டு. பாராட்டை அடுத்து "ஆனால்" போடாதீர்கள், முன்னால் சொன்னது அழிந்துவிடும். "எப்போதும்", "ஒருபோதும்" என்பவையும் வேண்டாம்: நீங்கள் பார்த்தது ஒரே ஒரு பாடவேளை.