மூன்று ரெசிஸ்டரில் தப்பித்த இரண்டாவது பின்

மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்க ஒலி அலையால் தூரம் அளக்கும் HC-SR04 சென்சாரை ராஸ்பெர்ரி பை போர்டில் நேரடியாக மாட்டியிருந்தேன். பத்து நாள் ஒழுங்காக ஓடியது. அப்புறம் சென்சாரின் எக்கோ ஒயர் மாட்டியிருந்த பையின் பின் எப்போதும் 1 என்றே காட்டியது. ஒயரைக் கழற்றி, பின்னை 1 கிலோ ஓம் வழியாக கிரவுண்டில் சேர்த்தேன், அப்போதும் 1. பின் செத்துவிட்டது.

சென்சார் 5 வோல்ட்டில் ஓடுவதால் எக்கோவும் கிட்டத்தட்ட 5 வோல்ட் தருகிறது. பையின் பின்களோ 3.3 வோல்ட்டுக்கானவை. சிப்புக்குள் பொதுவாக ஒவ்வொரு பின்னிலிருந்தும் சப்ளை லைனுக்குப் போகும் பாதுகாப்பு டயோடு ஒன்று இருக்கும். பின் சப்ளையைவிட சுமார் 0.6 வோல்ட் தாண்டினால் அது திறந்து, கரண்டை 3.3 லைனுக்குள் தள்ளும். நொடிநேர ஸ்டாட்டிக்கைத் தாங்கத்தான் அந்த டயோடு. ஒவ்வொரு அளவீட்டிலும் அடி வாங்க அல்ல. பை அணைந்து சென்சார் மட்டும் ஓடினால் இன்னும் மோசம்: பின் வழியாகவே போர்டுக்குள் கரண்ட் ஏறும்.

வேறு பின்னுக்கு மாறி, எக்கோவுக்கும் பின்னுக்கும் நடுவே 1 கிலோ ஓம், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் வைத்தேன். பெட்டியில் 2 கிலோ ஓம் இல்லை. இரண்டு 1 கிலோ ஓமைத் தொடராக முறுக்கிக்கொண்டேன். கணக்கு இதுதான்:

```
5 × 2 / (1 + 2) = 3.33
```

சென்சாரை அளக்கச் சொல்லும் ட்ரிகர் ஒயரைத் தொடவில்லை. பை தரும் 3.3 வோல்ட்டையே என் சென்சார் 1 என்று எடுத்துக்கொள்கிறது.

இந்த வித்தை ஒருவழி சிக்னலுக்கு மட்டும். ஐ2சி மாதிரி ஒரே ஒயரில் இரு பக்கமும் பேசினால், BSS138 மாஸ்ஃபெட் வைத்த லெவல் ஷிஃப்டர் போர்டு வேண்டும்.