ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வீட்டில் இருக்க வேண்டிய 250 டொலர்

கனடாவுக்கு வந்த முதல் மாதத்திலேயே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இங்கே பணத்தாளைக் கண்ணால் பார்ப்பதே அரிது. சம்பளம் நேராக வங்கிக்கு வருகிறது. வீட்டு வாடகை இ-டிரான்ஸ்பரில் போகிறது. பாண் வாங்கினாலும் டெபிட் அட்டையைத் தட்டிவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். அதனால்தான் புதிதாக வந்த பலருடைய வீட்டில் ஐந்து டொலர்கூட இருப்பதில்லை.

2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை அதிகாலை, நாட்டின் மிகப் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களில் ஒன்றான ரோஜர்ஸின் வலையமைப்பு முழுவதும் விழுந்தது. மைய வலையமைப்பை மேம்படுத்தும் வேலையில் நேர்ந்த ஒரு பிழைதான் காரணம். கைப்பேசி, இணையம் இரண்டும் நின்றன. பலரால் 911-ஐக்கூட அழைக்க முடியவில்லை. ரோஜர்ஸ் வாடிக்கையாளர் அல்லாதவர்களும் அன்று தப்பவில்லை. கடைகளில் நாம் தட்டும் டெபிட்டையும், இ-டிரான்ஸ்பரையும் நடத்துவது இன்டராக் என்ற ஒரே அமைப்பு. அது அந்த வலையமைப்பை நம்பியிருந்ததால், எந்த வங்கியின் வாடிக்கையாளராக இருந்தாலும் நாடு முழுவதும் டெபிட் வேலை செய்யவில்லை. மூன்று வங்கிகளில் கணக்கு வைத்திருந்தவரும் ஒரு கணக்கு வைத்திருந்தவரும் அன்று ஒரே நிலையில்தான் நின்றார்கள்.

வேறு நிறுவனத்தின் இணையத்தைப் பயன்படுத்திய கடைகளில் கடன் அட்டை வேலை செய்தது. அது வேறு பாதையில் போகிறது. ஆனால் புதிதாக வந்தவருக்குக் கடன் அட்டை கிடைக்கச் சில காலம் ஆகலாம்; கிடைத்தாலும் வரம்பு சிறியதாக இருக்கும். அதுவரை உங்களுக்கு இருக்கும் மாற்று வழி கையிலுள்ள காசு மட்டும்தான்.

எவ்வளவு வைக்கலாம்? மூன்று நாளைக்குப் போதுமானது என்பது என் கணக்கு. ஸ்காபரோவில் பேஸ்மென்டில் குடியிருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்: கணவன், மனைவி, ஆறு வயதுப் பிள்ளை, ஒரு கைக்குழந்தை. அரிசி, பருப்பு, மா எல்லாம் வீட்டில் இருக்கும். பால், பாண், முட்டை, பழம், தண்ணீர் ஆகியவற்றுக்கு 60 டொலர் ஒதுக்கலாம். குழந்தையின் பால்மா ஒரு டின்னுக்கும் டயப்பருக்கும் 75. காய்ச்சல் மருந்து, மின்கலம் போன்றவற்றுக்கு 30. நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் டாக்சிக்கு 45. மீதி பஸ் செலவு.

பஸ் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் இதை எழுதும்போது டிடிசி பஸ்ஸில் பெரியவருக்கான ரொக்கக் கட்டணம் 3 டொலர் 35 சதம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஓட்டுநர் மீதி தரமாட்டார். பத்து டொலரைப் பெட்டியில் போட்டால் பத்தும் போனதுதான். ஆனால் ஒரு இரண்டு டொலர் குற்றி, ஒரு ஒரு டொலர் குற்றி, ஒரு 25 சதம், ஒரு 10 சதம் சேர்ந்தால் சரியாக 3.35 வந்துவிடும். கணவனும் மனைவியும் மூன்று நாளும் வேலைக்குப் போய்வர மொத்தம் 12 பயணம். ஒவ்வொரு வகையிலும் 12 குற்றிகளை ஒரு சிறு பையில் போட்டுவைத்தால் 40 டொலர் 20 சதம் ஆகிறது. பஸ் மாற வேண்டியிருந்தால், காசு போட்டவுடன் கடதாசி டிரான்ஸ்பரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் கூட்டினால் 250 டொலர் 20 சதம். தனியாக இருக்கும் மாணவருக்கு இதில் பாதியே தாராளம்.

மொத்தத் தொகையைவிடத் தாள்கள்தான் முக்கியம். ஏடிஎம் பெரும்பாலும் 20 டொலர் தாளைத்தான் தருகிறது. எல்லாருடைய அட்டையும் நின்றுபோன நாளில் கடைக்காரரிடம் மீதி கொடுக்கச் சில்லறை சீக்கிரம் தீர்ந்துவிடும். 50, 100 டொலர் தாள்களைச் சாதாரண நாளிலேயே பல கடைகள் வாங்குவதில்லை. எனவே மீதமுள்ள 210 டொலரை 20 டொலர் தாள் நான்கு, 10 டொலர் தாள் எட்டு, 5 டொலர் தாள் பத்து எனப் பிரித்து வையுங்கள். கனடா அரசின் அவசரகாலப் பொருள் பட்டியலும் 10 டொலர் போன்ற சிறிய தாள்களைத்தான் சொல்கிறது. வங்கிக்குள் போய், கவுன்டரில் இருப்பவரிடம் இந்தத் தாள்களையும் குற்றிகளையும் கேட்டால் மாற்றித் தருவார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, அது அவர்களுடைய அன்றாட வேலை.

இந்தப் பணத்துக்காகக் கடன் அட்டையில் ரொக்கம் எடுக்காதீர்கள். கட்டணம் தனியாக வரும், வட்டியும் எடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். வாரம் 20 டொலர் ஒதுக்கினால் மூன்று மாதத்தில் தொகை சேர்ந்துவிடும்.

எண்ணிப் பார்த்துச் செலவழிக்கும்போது வரியை மறக்க வேண்டாம். தட்டில் ஒட்டியிருக்கும் விலையில் வரி சேரவில்லை. பால், அரிசி, முட்டை போன்ற அடிப்படை உணவுக்கு வரி இல்லை. மின்கலம், மெழுகுதிரி போன்றவற்றுக்கு ஒன்ராறியோவில் 13 விழுக்காடு கூடும். கையில் பத்து டொலர் இருந்தால் 9.50 விலையுள்ள மின்கலத்தை வாங்க முடியாது. ஒரு சதக் குற்றி 2013-இலிருந்து வங்கிகளிலிருந்து வெளிவருவதில்லை என்பதால், ரொக்கமாகக் கொடுக்கும்போது மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து சதத்துக்குச் சரிசெய்வார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கே வைப்பது? நம் பழக்கம் சாமிப்படத்தின் பின்னால், அரிசிப் பீப்பாய்க்குள், சேலை மடிப்புக்குள். நமக்குத் தெரிந்த இந்த இடங்கள் திருடனுக்கும் தெரியும். நகையோடு சேர்த்தும் வைக்காதீர்கள். ஒன்றைத் தேடி வருபவன் இரண்டையும் எடுத்துப் போவான். கனடாத் தாள்கள் பொலிமரால் ஆனவை. நனைந்தால் துடைத்துக் காயவைத்துவிடலாம், ஆனால் அதிக வெப்பத்தில் சுருங்கிப்போகும். ஆகவே பர்னஸ் அறையும் ஹீட்டர் ஓரமும் வேண்டாம். பேஸ்மென்டில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறலாம் என்பதால், உறையை மூடும் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரையிலிருந்து உயரமான இடத்தில் வையுங்கள். அறையைப் பகிர்ந்துகொள்பவர்கள் பூட்டுள்ள சிறு பெட்டி ஒன்று வாங்குவது நல்லது. வாடகைதாரர் காப்புறுதி இருந்தாலும், ரொக்கத்துக்கு வழக்கமாக மிகச் சிறிய தொகைக்குத்தான் இழப்பீடு உண்டு. வீட்டில் ஆயிரக்கணக்கில் குவிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

காசால் ஆகாதவையும் உண்டு. 2013 டிசம்பரில், கிறிஸ்மஸுக்குச் சில நாள் முன், பனிப்புயலில் மரங்கள் முறிந்து விழுந்து ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. சில வீடுகளுக்குத் திரும்பிவர ஒரு வாரத்துக்கு மேலானது. மின்சாரம் இல்லையென்றால் பெற்றோல் பம்பும் ஓடாது, பெரிய கடைகளின் கல்லாவும் திறக்காது. மேலும், இங்கே கடைகள் ரொக்கத்தை வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆகவே நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் தமிழ்க் கடைக்கு ஒருநாள் போய், “அண்ணா, மெஷின் நின்றுபோனால் காசு வாங்குவீர்களா?” என்று நேரில் கேட்டுவிடுங்கள். கடதாசியில் கணக்கெழுதி விற்கக்கூடிய சிறு கடையே அந்த நாளில் உதவும்.

மார்ச்சிலும் நவம்பரிலும் மணிக்கூட்டை மாற்றும் ஞாயிற்றுக்கிழமை, உறையைத் திறந்து ஒருமுறை எண்ணுங்கள். இடையில் பிட்சாவுக்கென்று எடுத்த ஐந்து டொலர் அப்போது தெரியவரும். பஸ் கட்டணம் ஏறியிருந்தால் குற்றிகளை மாற்றுங்கள். குழந்தை பால்மாவை விட்டிருந்தால் அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். உறை இருக்கும் இடம் வீட்டில் இன்னொரு பெரியவருக்கும் தெரிந்திருக்கட்டும். அட்டைகள் நின்றுபோகும் நேரத்தில் நீங்கள் வேலையில் இருக்கலாம், கைப்பேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இருக்காது.